போர்வெல்லுக்குள் மூன்று புரோப்

நீர்மூழ்கி மோட்டார் பம்புக்குக் கீழே தொங்குகிறது. பம்பு இழுக்கும் தண்ணீர் அதன் உடலை உரசிச் செல்வதால்தான் சூடு தணிகிறது. நீர் வற்றிய பிறகும் ஓடினால் பேரிங் தேயும், காயில் கருகும். மேல்நிலைத் தொட்டிக்கு மிதவை சுவிட்ச் போதும். குறுகிய போர்வெல்லில் மிதவைக்கு இடமில்லாததால் புரோப் இறக்குகிறார்கள்.

பொதுப் புரோப் அடியில் இருக்கும். கீழ்மட்டப் புரோப் பம்புக்குச் சற்று மேலே, மேல்மட்டப் புரோப் அதற்கும் பல அடி உயரத்தில். நீர் கீழ்மட்டப் புரோப்பை விட்டு இறங்கியதும் ரிலே மோட்டாரை நிறுத்தும். மேல்மட்டப் புரோப்பைத் தொட்ட பிறகே மீண்டும் ஓட்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் மோட்டார் அடிக்கடி நின்று கிளம்பும். புரோப்பில் உப்புப் படிந்தால் தண்ணீர் இருந்தும் மோட்டார் ஓடாது. வயர் உறை கிழிந்து ஈரம் பட்டால் வற்றிய பிறகும் ஓடும், ஆபத்து இதில்தான்.

மின்கோளாறு புரோப்புக்குத் தெரியாது. 415 வோல்ட் 340க்கு இறங்கினால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடாகும். ஓடும்போது ஒரு ஃபேஸ் போனாலும், மோட்டாரே அந்த முனையில் வோல்டேஜை உண்டாக்கி இண்டிகேட்டர் விளக்கை எரியவைக்கும். மற்ற இரண்டிலும் ஆம்பியர் ஏறத்தாழ 1.7 மடங்காகும். ஆகவே மூன்று ஃபேஸ்களையும் ஒப்பிட்டு, ஏற்றத்தாழ்வு கண்டதும் ஸ்டார்ட்டரைத் துண்டிக்கும் பிரிவென்டர் தேவை.