இலைக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு?

கல்யாணச் சாப்பாட்டுக்கு விலை கேட்டு எழுதும் கடிதத்தின் முதல் வரி மதுரையிலும் கொழும்பிலும் ஒன்றுதான்: தேதி, இடம், எத்தனை பேர். அடுத்த வரியிலேயே வழி பிரிகிறது. தமிழ்நாட்டில் சமையல் கான்ட்ராக்டரிடம் கணக்கு உதைப்பது பெரும்பாலும் இலை எண்ணிக்கையில். கொழும்பு ஹோட்டல் கல்யாணத்தில் அது சொன்ன விலையின் மேல் ஏறும் வரிகளில்.

மதுரைப் பக்கம் “இலை என்ன ரேட்?” என்று மட்டும் கேட்டால் முகூர்த்தச் சாப்பாட்டின் விலைதான் பதிலாக வரும். முதல் நாள் இரவு, காலை டிபன், மதியச் சாப்பாடு ஒவ்வொன்றுக்கும் விலை தனி. எனவே வேளைவாரியாகக் கேட்டு எழுத வேண்டும். அதைவிட முக்கியம் ‘மினிமம் இலை’. இலைக்கு 350 ரூபாய், மினிமம் 500 இலை என்று பேசியிருக்கிறீர்கள், வந்து சாப்பிட்டவர்கள் 430 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்க வேண்டியது 1,75,000 ரூபாய்தான், ஒரு ரூபாய் குறையாது. சாப்பிட்ட ஆளுக்குப் பிரித்தால் இலை 407 ரூபாய் ஆகிவிட்டது. இதன்மேல் 5 விழுக்காடு ஜிஎஸ்டி. ஆகவே அழைப்பிதழ் எண்ணிக்கையை வைத்து மினிமத்தைச் சொல்லாதீர்கள். நிச்சயம் வருவார்கள் என்று தெரிந்தவர்களை மட்டும் எண்ணி, அதற்கு மேல் வரும் இலைக்கு என்ன விலை என்று கடிதத்திலேயே கேளுங்கள்.

எண்ணுவது யார் என்பதும் எழுத்தில் வர வேண்டும். பந்தி முடிந்ததும் கான்ட்ராக்டர் எத்தனை கட்டு பிரித்தோம், எத்தனை இலை மிச்சம் என்று கழித்துப் பார்ப்பார். கிழிந்த இலை, போட்டுவிட்டு ஆள் உட்காராத இலை, மேளக்காரருக்கும் போட்டோக்காரருக்கும் போட்ட இலை எல்லாம் அந்தக் கணக்கில் விழுந்துவிடும். என் யோசனை: வீட்டார் ஒருவர் ஒவ்வொரு பந்தியிலும் ஆள் உட்கார்ந்த இலையை எண்ணி, அங்கேயே கான்ட்ராக்டரின் மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கட்டும். கடிதத்தில் ஒரே வரி போதும்: “பந்திதோறும் இரு தரப்பும் சேர்ந்து எண்ணிய இலைக்கே பணம், பரிமாறுவோர் சாப்பாடு இதில் சேருமா என்பதையும் தெரிவிக்கவும்.”

மெனுவில் ‘21 ஐட்டம்’ என்றால் உப்பு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அதற்குள் எண்ணப்பட்டிருக்கலாம். எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பெயர்களைக் கேளுங்கள்; இனிப்பும் வடையும் மறுமுறை கேட்டால் கிடைக்குமா என்பதையும் சேர்த்து. பாத்திர வாடகை, காஸ் சிலிண்டர், வண்டி, தண்ணீர் பாட்டில், வாழை இலை, பந்தி சுத்தம் ஆகியவை யார் பொறுப்பு என்று ஒரே பத்தியில் கேட்டுவிடலாம்.

கொழும்பு ஹோட்டலில் இலைக் கணக்கே இல்லை. ஆளுக்கு இவ்வளவு என்ற விலைக்குள் மண்டபமும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அதற்காகவே குறைந்தது இத்தனை பேர் என்று நிபந்தனை வைக்கிறார்கள். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் அங்கே நில்லுங்கள். சேவைக் கட்டணமும் வரிகளும் இனிமேல்தான் ஏறும் என்று அர்த்தம். 8,000 ரூபாய் என்று போட்ட விலையில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்தால் 8,800. அதன்மேல் 2022 அக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 விழுக்காடு, 9,020. அதற்கும் மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 விழுக்காடாக இருக்கும் வற் வரி. ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றினால் தலைக்கு 10,643 ரூபாயைத் தாண்டுகிறது. 250 பேருக்கு 20 லட்சம் என்று நினைத்தது 26 லட்சத்து 60 ஆயிரத்தில் முடியும். ஆகவே அங்கே எழுத வேண்டிய வரி: “எல்லா வரிகளும் சேவைக் கட்டணமும் சேர்ந்த இறுதி விலையை ஆளொருவருக்குத் தரவும்.”

சைவக் கல்யாணமாக இருந்தால் மரக்கறி மெனுவைத் தனியாகக் கேட்க வேண்டும். மீனும் இறைச்சியும் சமைக்கும் அதே அடுக்களையில் மரக்கறிக்கு வேறு பாத்திரம், வேறு கரண்டி வைப்பார்களா என்பது பெரியவர்கள் கேட்காமல் விடமாட்டாத கேள்வி. அதைக் கடிதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. பஃபேயை எத்தனை மணி நேரம் திறந்து வைப்பார்கள், சிறுபிள்ளைகளுக்கு அரை விலையா, எந்த வயது வரை, மண்டப நேரம் கூடினால் மணிக்கு எவ்வளவு என்பவையும் அங்கேதான் எழும். யாழ்ப்பாணத்தில் மண்டபம் வேறு, சமையல் வேறு என்று பேசுகிற இடங்களில் மதுரைக் கடிதமே பெரிதும் பொருந்தும்.

2022 நெருக்கடியில் இலங்கையில் சாமான் விலை ஏறிய வேகம் பலருக்கு மறக்காது. முற்பணம் கட்டிய நாளின் விலை கல்யாண நாள் வரை நிற்குமா, கூடினால் எவ்வளவு வரை கூடும் என்ற வரியை அங்கே கட்டாயம் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டிலும் ஆறு மாதம் முன்பே அட்வான்ஸ் கொடுப்பவர்கள் இதே வரியைச் சேர்த்து, பதிலைத் தேதியும் கையெழுத்தும் போட்டு வாங்கி வைப்பது நல்லது.