சைரன் பிடிபடுகிறது, பேரிங் பிடிபடவில்லை

வீடியோவில் பேச்சைத் தவிர வேறென்ன சத்தம் இருக்கிறது என்று சொல்ல, கூகுள் இலவசமாகத் தரும் மாடல் YAMNet. யூடியூபிலிருந்து வெட்டியெடுத்த 10 விநாடித் துண்டுகளைக் கொண்டு பழக்கப்பட்டது. 521 வகை ஒலிகளுக்குப் பெயர் சொல்லும். அதற்கு வேண்டிய வடிவில் ஒலியைப் பிரிக்க ஒரு வரி போதும்:

```
ffmpeg -i video.mp4 -ac 1 -ar 16000 audio.wav
```

ஒரு நிமிடச் சாலை வீடியோவைக் கொடுத்தேன். அதில் ஆம்புலன்ஸ் கடந்து போவது சில விநாடிகள்தான். வந்த விடை: Vehicle, Speech. சைரனைக் காணோம்! குறை மாடலிடம் இல்லை. அது அரை விநாடிக்கு ஒருமுறை, 0.96 விநாடி நீளத் துண்டுக்கு மதிப்பெண் போடுகிறது. கூடவே வரும் மாதிரி நிரல் அத்தனை துண்டுகளுக்கும் சராசரி எடுப்பதால் சைரன் கரைந்துபோகிறது. சராசரியை விட்டுவிட்டு, Siren என்ற வகையின் மதிப்பெண்ணை மட்டும் நேர வாரியாக வரைந்தேன். ஆம்புலன்ஸ் வந்த இடத்தில் கோடு செங்குத்தாக ஏறி நின்றது. அந்த மதிப்பெண் 0.6 என்றால் 60 சதவீதம் உறுதி என்று படிக்கக் கூடாது. ஏற்றம் எங்கே என்பதுதான் சேதி.

அடுத்து, கரகரவென்று ஓடும் மோனோபிளாக் பம்பின் வீடியோ. Engine என்றது, அதோடு சரி. கெட்டுப்போன பேரிங் என்றொரு வகையே அதன் பட்டியலில் இல்லை. இங்கே மாடலை மூடிவிட்டு, ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரோகிராமைத் திறப்பதுதான் வழி. ஒலியை 16000-க்குக் குறைக்காமல், வீடியோவில் இருப்பதை அப்படியே எடுக்க வேண்டும்.

முதலில் ஸ்விட்சை அணைக்கும் இடத்தைப் பாருங்கள். 100 ஹெர்ட்ஸில் ஓடும் கோடு அந்தக் கணமே அறுந்தால் அது மின்சார உறுமல். சுழல்வதால் வரும் சத்தம் அப்படி அறுவதில்லை. மோட்டார் நிற்கும்வரை கோடு சரிந்துகொண்டே இறங்கும்.

சுழலும் சத்தம்தான் என்றால், சாளர அளவை 128-ஆகக் குறைத்து நன்றாகப் பெரிதாக்கினால் மேலிருந்து கீழாகக் கீற்றுகள் தெரியும். இந்த மோட்டார் நிமிடத்துக்கு 2880 சுற்று, அதாவது விநாடிக்கு 48. பேரிங்கில் 8 குண்டுகள். வெளி வளையத்தில் பள்ளம் விழுந்திருந்தால் தட்டும் வேகம் சுமார் 0.4 × 8 × 48, விநாடிக்கு 154 முறை. கீற்றுகளுக்கிடையே ஆறரை மில்லி விநாடி. இடைவெளி 21 மில்லி விநாடி என்றால் சுற்றுக்கு ஒரு தட்டு: இம்பெல்லரோ ஃபேனோ உரசுகிறது, பேரிங்கை மாற்றுவது வீண் செலவு.

ஃபோனின் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிட்டு எடுத்த வீடியோவாக இருக்க வேண்டும். ஒரே சீராக வரும் சத்தத்தை அது இரைச்சல் என்று நினைத்து முதலில் அழித்துவிடும்.