பெரிய பாதத்துக்கு வாங்கினால் போதுமா?

தென்காசிக் கடைவீதியில் செருப்பு வாங்கப் போகிறவர் பெரும்பாலும் ஒரு காலைத்தான் நீட்டுவார். அந்தக் காலுக்குச் சரியாக இருந்தால் ஜோடி பைக்குள் போய்விடும். ஆனால் இரண்டு பாதமும் ஒரே அளவாக அமைந்தவர்கள் குறைவு. பலருக்கு வித்தியாசம் ஓரிரு மில்லிமீட்டர்தான், தெரியவே தெரியாது. ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டும்போதுதான் ஒரு கால் நெருக்குகிறது, அல்லது மற்றது கழன்று கழன்று அடிக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்குக் கடைக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் வழி ஒன்று உண்டு: பெரிய பாதத்துக்கு வாங்குங்கள், சின்னப் பாதத்துக்கு உள்ளே ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் அடிப்படை சரியானது. குட்டையான ஷூவை நீளமாக்க முடியாது. நீளமான ஷூவில் இடத்தை நிரப்ப முடியும். நகம் கறுப்பதும் விரல் மடங்குவதும் குட்டையான ஷூவால் வரும் கேடுகள். குதிகால் கழல்வது அவ்வளவு பெரிய கேடல்ல. ஆனாலும் இந்த விதி நீளத்தை மட்டுமே பார்க்கிறது. அகலம் என்று வந்தால் அது தவறான பக்கம் கொண்டுபோய் விடும்.

முதலில் விதி நன்றாக வேலை செய்யும் இடத்தைப் பார்ப்போம். வடகரையில் எனக்குத் தெரிந்த ஒருவர் கட்டட வேலைக்காக வளைகுடாவுக்குப் புறப்படும் முன் சேஃப்டி ஷூ வாங்கினார். மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், சுவரில் குதிகாலை ஒட்டி, தாளின்மேல் முழு எடையையும் ஊன்றி நின்று அளந்தோம். மிக நீண்ட விரல் கட்டைவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சிலருக்கு இரண்டாம் விரல் நீண்டிருக்கும், எது நீளமோ அதுவரை அளக்க வேண்டும். அவருக்கு வலது 256 மி.மீ., இடது 248. நம் கடைகளில் புழங்கும் பிரிட்டிஷ் எண்ணில் ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் எட்டரை மி.மீ. ஆக வலதுக்கு ஏழு, இடதுக்கு ஆறு. சேஃப்டி ஷூவின் முன்பக்கம் இரும்புத் தொப்பி. அது ஒரு நூல்கூட இளகாது. எனவே ஏழாம் எண்ணைத் தவிர வேறு வழியில்லை.

இனி இடது காலில் எட்டு மி.மீ. மிச்சம். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். இன்சோல் வைத்தால் நீளம் குறையும் என்று நினைக்கிறார்கள். இன்சோல் நீளத்தைக் குறைப்பதில்லை. பாதத்தை உயர்த்தி, மேலே இருக்கும் வெற்றிடத்தைத்தான் குறைக்கிறது. அதனால் பாதத்தின் மேற்புறம் லேஸுக்கு நெருக்கமாக வந்து, கால் முன்னே வழுக்காமல் பிடிபடுகிறது. அவருக்கு ஷூவோடு வந்த இன்சோலை வெளியே எடுத்து, அதையே மாதிரியாக வைத்து மூன்று மி.மீ. தடிப்பில் ஒரு தாளை வெட்டினோம். முழு நீளத்துக்கு அல்ல, விரல் நுனியிலிருந்து பாதக் குழிவு வரை மட்டும். அதை அடியில் வைத்து, பழைய இன்சோலை மேலே போட்டோம். முன்பாதியை மட்டும் நிரப்பினால் பாதம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, குதிகால் தன் இடத்தில் உட்காரும். குதிகாலடியில் திண்டு வைத்தாலோ நேர்மாறு: குதிகால் உயர்ந்து, ஷூவின் பின்விளிம்பு அங்கே பிடிக்காமல் போகும்.

மிச்சத்தை லேஸ் பார்த்துக்கொண்டது. கடைசித் துளைக்கு முந்தைய துளை வரை வழக்கம்போல் கட்டிவிட்டு, மேல் துளையில் லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல் அதே பக்கத்திலேயே நுழைத்துச் சிறு வளையம் விட வேண்டும். பிறகு இரு முனைகளையும் எதிரெதிர் வளையத்துக்குள் விட்டுக் கீழ்நோக்கி இழுத்தால் கணுக்காலருகே பிடி இறுகும், விரல்பக்கம் தளர்வாகவே இருக்கும். இடது காலுக்கு மட்டும் இப்படிக் கட்டினால் போதும். சரியாக அமைந்ததா என்று மாடிப்படியில் தெரியும். ஏறும்போது குதிகால் கழலக் கூடாது, இறங்கும்போது விரல் இரும்பில் இடிக்கக் கூடாது, பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகவும் கூடாது. மரத்தால் தாள் தடிப்பாகிவிட்டது என்று பொருள்.

இனி விதி சறுக்கும் இடம். ஒரு பாதம் நீளத்தில் சமமாக, அகலத்தில் மட்டும் பெரிதாக இருப்பவர்கள் நம்மிடையே நிறைய. வெறுங்காலோடு வயலிலும் வரப்பிலும் நடந்து வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்துதான் இருக்கும். கட்டைவிரல் மூட்டு ஒரு காலில் மட்டும் புடைத்திருப்பவர்களும் உண்டு. இவர்கள் நெருக்கம் தாங்காமல் ஓர் எண் கூட்டி வாங்குகிறார்கள். அகலத்துக்காக நீளத்தைக் கூட்டும் இந்தப் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. ஷூ மடங்குவதற்கென்று ஓர் இடம் உண்டு. விரல்கள் பாதத்தோடு சேரும் மூட்டுக்கு நேராக அது அமைய வேண்டும். எண் கூடினால் அந்த மடிப்பு முன்னே போய்விடும். பாதம் ஓரிடத்தில் மடங்க, ஷூ வேறிடத்தில் மடங்க, மடிப்புக்கோடு விரல்மேல் விழுந்து தேய்க்கும். பழைய ஷூவை எடுத்துப் பார்த்தால் தெரியும்: சுருக்கம் மூட்டுக்கு நேராக விழாமல் விரல்பக்கம் விழுந்திருந்தால் நீளம் அதிகம். இப்படிப்பட்டவர் தேட வேண்டியது அகலமான முன்பாகத்தை. நம் கடைகளில் எண்ணுக்கு ஓர் அகலம்தான் வருகிறது என்பதே இதில் பெரிய குறை. சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து, இந்தியருக்கெனத் தனி அளவுமுறையைப் பரிந்துரைத்திருக்கிறது. அது கடைக்கு வரும்வரை அகலத்துக்குச் செருப்புத் தைப்பவரிடம்தான் போக வேண்டும்.

அவரால் முடிவதும் முடியாததும் தெளிவானவை. தோல் ஷூவை நனைத்து, மரக்கட்டையில் ஏற்றி, புடைப்புக்கு நேராகச் சிறு குமிழ் வைத்து ஓரிரவு விட்டால் அந்த இடம் மட்டும் இளகும். ரெக்சின் இளகாது, வெடிக்கும். ஒருமுறை நான் கொண்டுபோனதைத் தொட்டுப் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: “இது தோலு இல்ல அண்ணாச்சி. தோலுன்னா இழுத்துத் தாரேன், இத இழுத்தா கிழிஞ்சிரும்.” நீளத்தை அவராலும் கூட்ட முடியாது.

குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஷூவைவிடச் செருப்புதான் இந்தப் பக்கத்துக் கால்களில் அதிகம். அதில் லேஸ் கிடையாது. ஒட்டிய இன்சோலோ ஈரத்தில் ஊறி, வழுக்கி, நாறிப்போகும். ஆகவே விதியின் இரண்டாம் பாதி இங்கே செல்லாது. ஆனால் செருப்புத் தைப்பவரின் கைக்கு வேலை கூடுகிறது. சின்னப் பாதத்துக்குரிய செருப்பில் வாரைப் பிரித்து, நாலைந்து மி.மீ. உள்ளே இழுத்து மறுபடி தைத்துவிடுவார். பின்வாரில் ஒரு துளை கூடுதலாகப் போடுவார். அகலமான பாதத்துக்கு வாரைத் தளர்த்துவார். செலவு குறைவு, பலன் இன்சோலைவிட அதிகம். வாங்கும்போதே வார் தைத்த செருப்பாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் செருப்பில் பிரிக்க எதுவும் இல்லை.

இரண்டு எண்ணுக்கு மேல் வித்தியாசம் என்றால், இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சிறுத்தவர்களுக்கு இருப்பதுபோல, இந்த ஒட்டுவேலை எதுவும் தாங்காது. இரண்டு ஜோடி வாங்கி ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றை எடுப்பது அல்லது அளவெடுத்துத் தைப்பது, இரண்டே வழி. காலின் உயரத்திலும் குறைவு இருந்தால் அடித்தட்டை எவ்வளவு உயர்த்துவது என்பதை மருத்துவர் அளந்து சொல்ல வேண்டும். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் உள்ளே எதையும் தாமாக வெட்டி வைக்கக் கூடாது. உராய்ந்து புண்ணானாலும் அவர்களுக்குத் தெரியாது. நேற்றுவரை சமமாக இருந்த கால்களில் ஒன்று மட்டும் திடீரெனப் பெருத்தால், விரலால் அழுத்தினால் குழி விழுந்து நின்றால், அது செருப்புக்கடைக்குப் போகும் விஷயமல்ல. அன்றைக்கே தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டியது.