ஒரு பயிருக்கு ஒரு நிறம்: கம்பம் பள்ளத்தாக்கின் அறிக்கைப் படங்கள் குறித்து

1996-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிய தேனியின் வேளாண்மையைப் பற்றி ஓர் அறிக்கை எழுத முற்படுகிறவர் யாராயினும், நெல், திராட்சை, வாழை, தென்னை, ஏலக்காய் என்னும் ஐந்தையும் பக்கந்தோறும் குறிப்பிட்டே தீர வேண்டியிருக்கும். முல்லைப் பெரியாற்றின் தண்ணீரை நம்பிக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோகம் சாகுபடியாகும் நெல்லும், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சையும், தோட்டக்கால்களில் விளையும் வாழையும் தென்னையும், போடிநாயக்கனூர்ச் சந்தைக்குப் பெயர் தேடித் தந்த ஏலக்காயும் சாகுபடிப் பரப்பைக் காட்டும் படத்தில் ஒரு முறையும், விளைச்சல் படத்தில் மறுமுறையும், பின்னர் வட்டவாரிப் படத்திலும் விலைப் படத்திலுமாக மீண்டும் மீண்டும் தலைகாட்டும். இவ்வாறு பல படங்கள் சேர்ந்த ஓர் அறிக்கையில், ஒரு பயிருக்கு முதற்படத்தில் எந்த நிறம் அளிக்கப்பட்டதோ அதே நிறத்தைக் கடைசிப் படம் வரையில் காக்க வேண்டும் என்பது புள்ளிவிவரத் துறையில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட வழக்கம். அது எவ்வளவு தூரம் நியாயமானது, எந்த இடத்தில் அதுவே வாசகரைத் தவறான வழியில் செலுத்திவிடுகிறது என்பவை ஆராயத்தக்கவை.

இந்த வழக்கத்தைத் தாமாகக் காப்பாற்றும் இயல்பு நம் அலுவலகங்களில் புழங்கும் மென்பொருள்களுக்கு இல்லை. எக்செல் போன்றவை பயிரின் பெயரைப் பார்த்து நிறம் தருவதில்லை. அட்டவணையில் அது எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்தே தருகின்றன. 2023-இல் மாற்றப்படும் வரை பல ஆண்டுகளாகப் பழகிப்போன எக்செலின் இயல்பான வரிசை நீலம், ஆரஞ்சு, சாம்பல், பொன்மஞ்சள், வெளிர்நீலம் என்று போயிற்று. நம் ஐந்து பயிர்களையும் தமிழ் அகரவரிசையில் ஏலக்காய், திராட்சை, தென்னை, நெல், வாழை என்று அடுக்கி அந்த நிறவரிசையில் ஒரு வட்டப்படம் வரைந்தால், ஏலக்காய் நீலமாகவும் திராட்சை ஆரஞ்சாகவும் நெல் பொன்மஞ்சளாகவும் அமையும். அதே அறிக்கையின் ஆங்கிலப் பதிப்புக்காக ஆங்கில அகரவரிசையில் அடுக்கினாலோ வாழை முதலிடத்துக்கு ஏறி நீலத்தைப் பெறும், ஏலக்காய் ஆரஞ்சுக்கு இறங்கும், திராட்சை பொன்மஞ்சளாகும், நெல் வெளிர்நீலமாகும். இரு மொழிகளிலும் மூன்றாம் இடத்திலேயே நிற்கும் தென்னை ஒன்றுதான் தன் சாம்பல் நிறத்தோடு தப்பும். திராட்சைக்குப் பேர்போகாத ஆண்டிபட்டி வட்டத்தின் தமிழ்ப் படத்தில் அந்தப் பயிரை நீக்கிவிட்டாலோ, அதற்கு அடுத்து நின்ற தென்னை ஓரிடம் மேலேறித் திராட்சையின் ஆரஞ்சைத் தரித்துக்கொள்ளும். உத்தமபாளையத்தின் படத்தை முந்திய பக்கத்தில் பார்த்த வாசகர், ஆண்டிபட்டியிலும் திராட்சை ஏராளம் என்று எண்ணிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் குறிவிளக்கம் இருக்கிறதே என்று சமாதானம் சொல்வதில் பயனில்லை; முதற்படத்தில் ஒரு முறை கற்றுக்கொண்டதை இரண்டாம் படத்தில் மறந்துவிட்டுப் புதிதாகக் கற்பவர் எவருமில்லை.

நிறத்தைக் காப்பதனால் விளையும் நன்மைக்கு மிகச் சிறந்த சான்று, பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கிரிமியப் போரில் மாண்ட சிப்பாய்களைப் பற்றி 1858-இல் வெளியிட்ட படங்களே என்பது என் அபிப்பிராயம். 1854 ஏப்ரல் முதல் ஓராண்டுக்கு ஒரு வட்டம், 1855 ஏப்ரல் முதல் அடுத்த ஓராண்டுக்கு மற்றொரு வட்டம் என இரண்டை ஒரே தாளில் அருகருகே வைத்து, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த சாவுக்கு நீலமும், காயங்களால் நேர்ந்த சாவுக்குச் சிவப்பும், ஏனைய காரணங்களுக்குக் கறுப்பும் அளித்து, இரண்டிலும் அவற்றையே அவர் காத்தார். முதல் வட்டத்தில் பரந்து கிடந்த நீலம் இரண்டாவதில் சுருங்கிப்போவதைக் காண்பவர் குறிவிளக்கத்தைத் தேடாமலே, நோய்ச்சாவு குறைந்துவிட்டது என்பதை அறிந்துகொள்கிறார். ஆயினும் அப்படங்கள் வெற்றி பெற்றதற்கு இரண்டு நிபந்தனைகள் துணைநின்றன: வகைகள் மூன்றே, ஒவ்வொரு வகையின் பொருளும் இரண்டு ஆண்டுகளிலும் ஒன்றே. தேனி மாவட்டத்து அறிக்கையில் இவ்விரண்டும் கைகொடுப்பதில்லை. ஆகவே நைட்டிங்கேலைச் சுட்டிக்காட்டி இந்த வழக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றச் சொல்வது நியாயமாகாது.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். பயிர்கள் ஐந்து, தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, போடிநாயக்கனூர், உத்தமபாளையம் என வட்டங்கள் ஐந்து, குளிர்காலம், கோடை, தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் என மழைக்காலங்கள் நான்கு, பெரியாறு, வைகை என அணைகள் இரண்டு. ஒரு பொருளுக்கு எங்கும் ஒரே நிறம் என்ற விதி முழுமை பெற வேண்டுமானால், வேறு பொருளுக்கு அந்த நிறம் எங்குமே வரலாகாது என்ற மறுபாதியும் அதனோடு சேர வேண்டும். முதற்பாதியைக் கவனமாகக் காக்கிறவர்களும் இந்த மறுபாதியை மறந்து, மூன்றாம் பக்கத்தில் நெல்லுக்கு அளித்த பச்சையை ஏழாம் பக்கத்தில் உத்தமபாளையத்துக்கு அளித்துவிடுகிறார்கள். மறுபாதியையும் காப்பதென்றால் பதினாறு நிறங்கள் வேண்டும். ஐயமின்றிப் பெயர் சொல்லிப் பிரித்தறியக்கூடிய நிறங்கள் ஏழெட்டுக்கு மேல் கிடைப்பது அரிது. தேசப்படங்களுக்கான நிறத்தொகுதிகளை அமைத்துப் பெயர்பெற்ற சிந்தியா புரூவர் கூட, வகைகளுக்கான தொகுதிகளைப் பன்னிரண்டோடு நிறுத்திக்கொண்டார். அந்தப் பன்னிரண்டிலும் வெளிர்நீலமும் அடர்நீலமும் தனித்தனியே எண்ணப்பட்டவை. ஆதலால் அறிக்கையின் பிரதானமான வகைத்தொகுதி எது என்று முதலில் நிர்ணயித்து, நிறத்தை அதற்கு மட்டுமே உரியதாக ஒதுக்கிவிடுவதுதான் வழி. வேளாண் அறிக்கையில் அந்த உரிமை பயிர்களுக்கே சேரும். வட்டங்களை எப்போதும் ஒரே வரிசையில் நிற்கும் தனித்தனிச் சிறுபடங்களாகப் பிரித்துவிடலாம். மழைக்காலங்களை மாதங்களின் அச்சே காட்டிவிடும். அணைகளின் நீர்மட்டக் கோடுகளுக்கு அவற்றின் முனையிலேயே பெயர் எழுதிவிட்டால் போதும்.

பயிர்களுக்கு எந்த நிறத்தை அளிப்பது என்பது இந்தப் பள்ளத்தாக்கில் எளிய கேள்வியன்று. பொருளின் இயற்கை நிறத்தையே அதற்கு அளித்தால் வாசகர் நினைவில் சுலபமாகப் பதியும் என்பது உண்மை. பன்னீர்த் திராட்சைக்குக் கருநீலம் கலந்த ஊதாவை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் நெல்வயலும் பச்சை, தென்னந்தோப்பும் பச்சை, வாழையிலையும் பச்சை, தரமான ஏலக்காயோ பச்சை நிறத்துக்காகவே விலைபோவது. இயற்கையைப் பின்பற்றினால் நான்கு பயிர்களும் ஒரே நிறத்துக்கு வந்து நிற்கும். நெல்லுக்குக் கதிரின் பொன்னிறத்தை அளித்தால் அது வாழைப்பழத்தின் மஞ்சளோடு மோதும். ஏலக்காய்க்குப் பச்சை, வாழைக்கு வெளிர்மஞ்சள், திராட்சைக்கு ஊதா, தென்னைக்குப் பழுப்பு என்று கொடுத்துவிட்டு, நெல்லுக்கு மட்டும் இயற்கையோடு சம்பந்தமில்லாத ஆரஞ்சைக் கொடுப்பதே நான் செய்யக்கூடிய ஏற்பாடு. நீலத்தைத் தண்ணீருக்கென்றும், சாம்பலைப் பின்னணியில் ஒதுங்கி நிற்பவற்றுக்கென்றும் விட்டுவைக்க வேண்டும். ஒரு படத்தில் திராட்சையை மட்டும் வலியுறுத்த விரும்புகிறவர், அதன் ஊதாவைக் காத்து மற்ற நான்கையும் சாம்பலாக்கினால் விதியும் கெடாது, கருத்தும் எடுபடும். தென்னைக்கே சாம்பலை அளித்துவிட்டால் இந்த வசதி பறிபோய்விடும்.

இனி இரண்டாம் நிபந்தனை. இதுவே எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒரே நிறம் தீட்டும்போது இரண்டும் ஒரே பொருள் என்று வாசகருக்கு உறுதி கூறுகிறோம். அந்த உறுதி பொய்க்கும் இடம் போடிநாயக்கனூர். நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் அங்கே நடைபெறும் மின்னணு ஏலத்துக்கு வரும் ஏலக்காயில் பெரும்பகுதி, மலைக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் விளைந்தது. தேனி மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் ஏலம் விளைந்தாலும், அதன் பரப்பு இடுக்கியோடு ஒப்பிட முடியாத அளவு சிறியது. சாகுபடிப் பரப்புப் படத்தில் மெல்லிய கீற்றாகத் தோன்றும் பச்சை, ஏல வரவுப் படத்தில் பெரும்பட்டையாக உயர்ந்து நிற்கக் காணும் வாசகர், இவ்வளவு சிறிய நிலத்தில் இவ்வளவு பெரிய விளைச்சலா என்று வியப்பார். கருத்துள்ளவராயின் ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று வகுத்தும் பார்த்துவிடுவார். பரப்பு ஒரு மாவட்டத்தினுடையது, வரவு இன்னொரு மாநிலத்தினுடையதையும் சேர்த்தது. இரண்டு எண்களும் சரியானவை; அவற்றைச் சேர்த்துக்கட்டிய பச்சை நிறமே பிழை. இங்கே நிறத்தை அறவே மாற்றினால் இரண்டுக்கும் உள்ள உறவு மறைந்துபோகும். அப்படியே விட்டால் பொருள் திரிந்துபோகும். ஆகவே ஏல வரவுப் பட்டையைப் பச்சைச் சாய்கோடுகளால் நிரப்பி, இடுக்கி வரவும் இதில் அடக்கம் என்று பட்டையின்மேலேயே எழுதுவது தகும். திராட்சையிலும் இதே அபாயம் உண்டு. ஓடைப்பட்டிப் பகுதியின் விதையில்லாத் திராட்சையையும் சேர்த்து மொத்தப் பரப்பைக் காட்டும் படத்துக்கும், பன்னீர்த் திராட்சையின் விலையை மட்டும் காட்டும் படத்துக்கும் ஒரே ஊதா பொருந்தாது.

நிறத்தின் எண் மாறாதிருந்தாலே நிறம் மாறாது என்று நம்புவதும் தவறு. அகன்ற பட்டையில் கண்ணுக்கு இனிதாகத் தெரியும் வாழையின் வெளிர்மஞ்சள், விலையைக் காட்டும் மெல்லிய கோடாகும்போது வெள்ளைத்தாளில் கரைந்து மறைகிறது. அங்கே அதைச் சற்று அடர்த்தியாக்குவது விதியை மீறுவதாகாது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவதே நாம் நாடும் ஒருமை. மேலும் இத்தகைய அறிக்கைகள் கிராமங்களை எட்டும்போது பெரும்பாலும் கறுப்புவெள்ளை ஜெராக்ஸ் நகலாகவே எட்டுகின்றன. ஒரே அடர்த்தியுள்ள பச்சையும் பழுப்பும் அந்த நகலில் ஒரே சாம்பலாகிவிடும். சிவப்பு பச்சை பேதம் அறியாத கண்ணுடையவர்களுக்கு மூலப்பிரதியிலேயே அப்படித்தான். ஆதலால் வாழை மிகவும் வெளிறியது, திராட்சை மிகவும் அடர்ந்தது, ஏனைய மூன்றும் இடையில் படிப்படியானவை என்று நிறங்களின் அடர்த்தியையும் வேறுபடுத்தி வைத்து, அச்சுக்கு அனுப்புமுன் ஒரு பக்கத்தைக் கறுப்புவெள்ளையில் எடுத்துப் பார்த்துவிடுவது அவசியம்.

நிறத்தைக் காக்கும் வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஆயினும் பெயர் ஒன்றாயிருப்பதை மட்டும் சாட்சியாகக் கொண்டு அதைக் காப்பதை ஏற்கமாட்டேன். மாவட்ட அறிக்கைகளைத் தயாரிக்கும் அன்பர்கள், முதற்படத்துக்கு முன்னாலேயே ஒரு நிற அட்டவணையை அச்சிட்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் எதிரே பயிரின் பெயரோடு, எந்த நிலத்தின் விளைவு, எந்த ரகங்கள் அடக்கம் என்பதையும் ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும். தமிழ்ப் பதிப்பும் ஆங்கிலப் பதிப்பும் அந்த ஒரே அட்டவணையைப் பின்பற்றியே வரையப்பட வேண்டும். போடி ஏலத்தின் படத்துக்கு வரும்போது அந்த வரியை ஒரு முறை படித்துவிட்டே பச்சையைத் தீட்ட வேண்டும் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.