சிவப்புக் காயும் ஃபாலோவும்

கேரம் ஆடுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். சிவப்புக் காயைக் குழியில் தள்ளிவிட்டால் மட்டும் அது நமக்குச் சொந்தமாகிவிடாது. அதே அடியிலோ அடுத்த அடியிலோ நம் காய் ஒன்றையும் போட வேண்டும். அதற்குப் பெயர் ஃபாலோ. ஃபாலோ விழாவிட்டால் சிவப்பை எடுத்துத் திரும்பவும் பலகை நடுவில் வைத்துவிடுவார்கள். திருவொற்றியூரில் எங்கள் தெருமுனை மன்றத்தில் தொங்கும் ஒற்றை பல்புக்குக் கீழே நான் முதலில் கற்றுக்கொண்ட இலக்கணம் இதுதான். நன்னூல் பிறகுதான் வந்தது.

மர்மக் கதையில் முன்னால் காட்டப்படும் ஒரு பொருளும் இந்தச் சிவப்பைப் போன்றதே. பின்னால் ஒரு ஃபாலோ வேண்டும். ஒரே வித்தியாசம், கதையில் அந்த ஃபாலோ ஒரு மணி நேரம் கழித்துக்கூட வரலாம். அதுவரை போட்டது சிவப்பு என்பதே பார்ப்பவனுக்குத் தெரியக் கூடாது. எப்படித் தெரியாமல் வைப்பது என்பதுதான் இங்கே என் கேள்வி.

சுடும் எண்ணம் யாருக்கும் இல்லையென்றால் குண்டு நிரப்பிய துப்பாக்கியை மேடையில் வைக்காதே என்று செகாவ் 1889இல் ஒரு கடிதத்தில் எழுதியதை நம் விமர்சகர்கள் சலிக்கச் சலிக்கச் சொல்லிவிட்டார்கள். அது பாதி விதிதான். வைத்ததைச் சுடு என்கிறது. வைத்ததை மறைப்பது எப்படி என்று சொல்வதில்லை. மேடையில் துப்பாக்கியைப் பார்த்த உடனேயே அது வெடிக்கும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறதே.

மீதிப் பாதிக்கு ரோலான் பார்த்திடம் போக வேண்டும். கதையாடலின் அமைப்பைப் பற்றி 1966இல் அவர் எழுதிய கட்டுரை கதையின் கூறுகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, கதையை நகர்த்தும் செயல்கூறு. இதைப் பின்னால் முளைக்கப்போகும் விதையாகப் பார்க்கிறார் பார்த். மற்றது, ஆளின் குணத்தையும் இடத்தின் சூழலையும் உணர்த்திவிட்டு நின்றுவிடும் சுட்டுக்கூறு. ஒரே பொருள் இரண்டாகவும் இருக்கலாம் என்பதையும் அவர் ஒப்புக்கொள்கிறார். எனக்குப் படுவது இது: மர்மக் கதையின் தொழில்நுட்பம் முழுவதும் இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. செயல்கூறுக்குச் சுட்டுக்கூறின் சட்டையைப் போட்டு அனுப்புவதுதான் பொருளை ஊன்றும் வேலை.

வெற்றிமாறனின் ‘வடசென்னை’யை (2018) எடுத்துக்கொள்வோம். அன்பு கேரம் ஆடுகிறவன். அதை நாம் எப்படி வாசிக்கிறோம்? நாயகனுக்கு ஒரு திறமை வேண்டும், கொடுத்திருக்கிறார்கள். காசிமேட்டுப் பக்கம் தெருவுக்குத் தெரு கேரம் உண்டு, அதையும் காட்டியிருக்கிறார்கள். ஆக, பலகை ஆளையும் சுட்டுகிறது, ஊரையும் சுட்டுகிறது. கேள்விக்கு இடமே இல்லை. அன்பு சிறைக்குள் வந்த பிறகும் பலகை தொடர்கிறது. சிறைக்குள்ளும் செந்திலின் ஆட்சிதான். வெளியே குணாவுக்கும் செந்திலுக்கும் பகை. யார் பக்கமும் இல்லாதவனாகத் தெரியும் அன்பு மெல்ல மெல்லச் செந்திலின் வட்டத்துக்குள் வருகிறான். சிறையில் கேரம் போட்டி நடக்கிறது. அந்த ஆட்டத்தின் களேபரத்தில்தான் அன்பு செந்திலைத் தாக்குகிறான். செந்திலின் உயிர் போகவில்லை, உடம்பு முடங்கிப்போகிறது. அதன் பிறகே கதை பின்னோக்கிப் போய், அன்பு குணாவின் ஆளாகவே உள்ளே வந்தான் என்பதைச் சொல்கிறது.

இப்போது பலகையைத் திரும்பிப் பாருங்கள். அது செந்திலை நெருங்குவதற்கான வாசல். ஆனால் வாசல் என்று யாரும் அதைச் சுட்டிக் காட்டவில்லை. அது வந்த ஒவ்வொரு காட்சியிலும் அதற்கு வேறொரு சொந்த வேலை இருந்தது. ஒருமுறை ஆளை அறிமுகம் செய்தது, இன்னொரு முறை சிறைவாழ்க்கையைக் காட்டியது. வேலையில் இருக்கும் பொருளை யாரும் சந்தேகப்படுவதில்லை. வேலையில்லாமல் நெருக்கக்காட்சியில் வந்து நிற்கும் பொருள்தான் மாட்டிக்கொள்ளும். நம் படங்களில் காரணமே இல்லாமல் கேமரா ஒரு மருந்து பாட்டிலின் மேல் மூன்று விநாடி நின்றால், பின்வரிசைக்காரர், ‘மாப்ள, இதக் குடிச்சித்தான் சாவப்போறான்’ என்று சொல்லிவிடுகிறார். ஊன்றியது அங்கேயே செத்துப்போகிறது.

இதைச் சோதிக்க இரண்டு கேள்விகள் போதும். பொருள் முதலில் வரும் காட்சியோடு படம் நின்றுபோனாலும் அது அங்கே இருப்பதற்கு நியாயம் உண்டா? இல்லையென்றால் ஊன்றியவனின் கை தெரிகிறது. அடுத்து, முன்காட்சிகளிலிருந்து அதை எடுத்துவிட்டால் பின்காட்சி விழுகிறதா? விழவில்லையென்றால் அது வெறும் அலங்காரம். கேரம் பலகை இரண்டிலும் தேறுகிறது. முன்னால் கேரமே காட்டாமல் சிறையில் திடீரென்று போட்டி வைத்திருந்தால், தாக்குதலுக்காக இயக்குநர் அவசரமாகப் போட்ட பந்தலாகத்தான் அது தெரிந்திருக்கும்.

இதே படத்தில் நேர் எதிரான ஊன்றலும் உண்டு. 1987இல் ஓர் உணவகத்தில், ஒரு கொலையை முடித்த கையோடு நான்கு பேர் பேசிக்கொண்டிருப்பதில் படம் தொடங்குகிறது. மேசை மேல் ரத்தம் படிந்த கத்திகள். இங்கே எதையும் மறைக்கவில்லை, கத்தி கத்தியாகவே கிடக்கிறது. மறைக்கப்படுவது ரத்தம் யாருடையது என்பது மட்டும். அது ராஜனின் ரத்தம் என்று பின்பாதியில் தெரியும்போது, முதலில் கேட்ட பேச்சு முழுவதும் துரோகத்தின் பேச்சாக மாறிவிடுகிறது. பலகையில் பொருளின் பயன் ஒளிந்திருந்தது, கத்தியில் பொருளின் வரலாறு ஒளிந்திருந்தது.

இதுவரை தொழில்நுட்பம். காசிமேட்டு நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘எல்லாஞ் செரிதாம்பா, ஆனா அந்த போர்டயும் கடசீல கத்தியாத்தான ஆக்கிட்டாங்க?’ என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அவர் சொன்னதில் ஒரு கோட்பாடே இருக்கிறது. ஒரு பொருளை எந்தப் பலனுக்காக ஊன்றுவது என்பது கதைக்காரனின் சுதந்திரமான தேர்வாகத் தெரிகிறது. ஆனால் வடசென்னை என்ற பெயரைச் சொன்னதுமே தமிழ் சினிமாவில் பலன் முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. படகு வந்தால் கடத்தல், மீன்பாடி வண்டி வந்தால் பிணம். எந்தச் சிவப்பைப் போட்டாலும் ஃபாலோ கத்தியாகவே விழுகிறது. வெற்றிமாறனின் நியாயமும் எனக்குத் தெரியும். ஆட வந்தவன் கையில் கத்தியைத் திணித்தது எது என்பதுதான் அவர் கேள்வி, அது மலிவான கேள்வி அல்ல. ஆனாலும் பலகை சுட்டிய இன்னொரு வாழ்க்கை ஃபாலோ விழாத காயாகப் பலகை நடுவிலேயே திரும்ப வைக்கப்பட்டுவிட்டது. பொதுத்துறை நிறுவனங்கள் கேரம் ஆட்டக்காரர்களை விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுத்ததுண்டு. எங்கள் மன்றத்துப் பையன்கள் விடிய விடிய பவுடர் தூவி அடித்துப் பழகியது அந்தக் கனவில்தான்.

படம் வந்து ஆறு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். வயது 17. அதே பலகை, அதே ஊர். செய்தி வந்த அன்று காசிமேட்டு நண்பர் கூப்பிட்டார். ‘பாத்தியாப்பா, இதான் ஃபாலோ’ என்றார்.