மாமா வந்த பிறகு வந்த மெசேஜ்

பொதிகை எக்ஸ்பிரஸ் ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டுக் கிளம்பியதும் மாமா ஒரு மெசேஜ் போடுவார். அதைப் பார்த்துவிட்டு நான் பைக்கை எடுத்தால் ராஜபாளையம் ஸ்டேஷனில் ரயிலோடு ரயிலாகப் போய் நிற்கலாம். நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். போன தடவை அந்த மெசேஜ் வந்து போன் சிணுங்கியபோது, மாமா ஆட்டோவில் வந்து இறங்கி எங்கள் வீட்டில் காபியே குடித்து முடித்திருந்தார். "அப்புறம் எதுக்கு மாப்ள போன் வச்சிருக்க?" என்று மட்டும் கேட்டார்.

கேள்வி நியாயம்தான். ஒரு மாதத்துக்கு முன்புதான் பழைய போன் ஒன்றில் லீனியேஜ் ஓஎஸ் ஏற்றியிருந்தேன். கூகுள் ஆப்களை நாமாகச் சேர்த்தால் ஒழிய அதில் கூகுள் கிடையாது. நான் சேர்க்கவில்லை. போன் புதுசு மாதிரி ஓடியது. ஆனால் மெசேஜ்கள் மட்டும் தூங்கி வழிந்தன. ஸ்கிரீனைத் தொட்டதும் நாலைந்து ஒன்றாக வந்து விழும்.

இதற்குக் காரணம் புரிய, சாதாரண ஆண்ட்ராய்டு போன் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதில் ஒவ்வோர் ஆப்பும் தன் சர்வரோடு தனித்தனியாக இணைப்பு வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. கூகுள் பிளே சர்வீசஸ் ஒரே ஓர் இணைப்பை எந்நேரமும் திறந்து வைத்திருக்கும். எல்லா ஆப்களின் சர்வர்களும் சேதியைக் கூகுளிடம் கொடுக்க, அது அந்த ஒற்றை வழியாகப் போனை எழுப்பும். ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங் என்று அதற்குப் பெயர். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6, 'டோஸ்' என்ற உறக்கத்தையும் கொண்டுவந்தது. சார்ஜர் இல்லாமல், ஸ்கிரீன் அணைந்து, மேசையில் அசையாமல் கிடந்தால் போன் ஆப்களின் நெட்டை நிறுத்திவிடும். அவ்வப்போது கொஞ்ச நேரம் மட்டும் திறக்கும். நேரம் ஆக ஆக அந்த இடைவெளியும் நீளும். கூகுள் வழியாக வரும் அவசரச் சேதிக்கு மட்டும் எப்போதும் வழி உண்டு. என் போனில் உறக்கம் இருக்கிறது, எழுப்புகிற ஆள் இல்லை.

ஓடிபி தடையில்லாமல் வந்தது. அது எஸ்எம்எஸ், டவரிலிருந்து நேராக வருவது, கூகுளுக்கு அதில் வேலையில்லை. பேங்க் கணக்கில் பணம் ஏறிய எஸ்எம்எஸ்ஸும் அப்படித்தான். மாட்டிக்கொள்பவை சாட், மெயில் வகையறாக்கள்.

ஒரு வழி, அந்தந்த ஆப்பே தன் இணைப்பைப் பிடித்துக்கொள்வது. கூகுள் இல்லாத போனில் சிக்னல் அப்படித்தான் செய்கிறது. கான்வர்சேஷன்ஸ் என்ற எக்ஸ்எம்பிபி ஆப்புக்கு இது ஆரம்பத்திலிருந்தே பழக்கம். இரண்டுக்கும் பேட்டரி செட்டிங்கில் 'கட்டுப்பாடு இல்லை' என்று கொடுத்ததும் மெசேஜ்கள் ஒழுங்காக வந்தன. ஆனால் இப்படி ஏழெட்டு ஆப்கள் ஆளுக்கொரு இணைப்பை வைத்துக்கொண்டால் பேட்டரி தாங்காது. மொபைல் நெட்டில் சும்மா கிடக்கும் இணைப்பைச் சில நிமிடங்களில் கம்பெனிக்காரர்கள் தங்கள் பக்கத்தில் துண்டித்துவிடுவார்கள். போனுக்கோ அது தெரியாது. அதனால் ஒவ்வோர் ஆப்பும் அடிக்கடி "இருக்கேன், இருக்கேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சார்ஜ் போவது அதில்தான்.

ஆகவே, கூகுள் செய்த அதே வேலையைச் செய்ய வேறோர் ஆளைப் போடுவதுதான் உத்தி. யூனிஃபைட்புஷ் என்ற பொது விதிமுறை அதற்காகவே வந்தது. நான் போட்ட ஆள் ntfy. 'நோட்டிஃபை' என்று படிக்க வேண்டும். எஃப்-டிராய்டு ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கிறது. மற்ற ஆப் ஒன்று வந்து, "எனக்கொரு முகவரி கொடு" என்று இதைக் கேட்கும். இது தரும் முகவரியை அந்த ஆப் தன் சர்வரிடம் சொல்லிவைக்கும். சேதி வந்தால் சர்வர் அந்த முகவரியில் போட, ntfy போனை எழுப்பி உரிய ஆப்பிடம் ஒப்படைக்கும். எலிமென்ட், ஃப்ளஃபிசாட் ஆகியவை இதற்கு ஒத்துழைத்தன. சிக்னலின் கிளையான மோலியும் ஒத்துழைக்கும், ஆனால் மோலிசாக்கெட் என்ற இடைச் சர்வர் ஒன்று எங்காவது ஓட வேண்டும்.

சோதனைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் சித்தப்பா மகனைப் பிடித்தேன். கம்ப்யூட்டரில் போனைச் செருகி, இப்படிக் கட்டளை கொடுத்துப் போனை வலுக்கட்டாயமாகத் தூங்கவைத்தேன்:

```
adb shell dumpsys battery unplug
adb shell dumpsys deviceidle force-idle
```

ntfyயில் நான் சேர்த்துவைத்த ஒரு டாபிக்குக்கு அவன் தன் லேப்டாப்பிலிருந்து அனுப்பியது ஒரே வரி. டாபிக் பெயரை மட்டும் இங்கே மாற்றியிருக்கிறேன்:

```
curl -d "ரயில் கிளம்பிருச்சு" ntfy.sh/rjpm-7k2x9q
```

"அண்ணே, போட்டுட்டேன், வந்துச்சா?" என்று லேண்ட்லைனில் கேட்டான். வரவில்லை. ஸ்கிரீனைத் தொட்டதும் வந்தது. ntfyக்குப் பேட்டரி விலக்கு கொடுக்க மறந்திருந்தேன்! கொடுத்துவிட்டு மறுபடி தூங்கவைத்தோம். இந்தத் தடவை அவன் கேட்டு முடிப்பதற்குள் போன் சத்தம் போட்டது. ஐந்தாறு தடவை பார்த்தோம், பிசகவில்லை. முடிந்ததும் `adb shell dumpsys deviceidle unforce`, `adb shell dumpsys battery reset` இரண்டையும் கொடுக்க மறக்கக் கூடாது. இல்லையென்றால் போன் சார்ஜரில் இருப்பதையே நம்பாது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கவும் இதே சோதனை போதும். ஸ்கிரீனைத் தொட்டதும் எல்லாம் மொத்தமாக வந்தால் பேட்டரி செட்டிங். ntfyக்கு நேராக அனுப்பியது உடனே வந்து, சாட் மட்டும் தாமதித்தால் அந்த ஆப் முகவரி வாங்கவில்லை என்று அர்த்தம். அதன் நோட்டிபிகேஷன் செட்டிங்கில் போய் ntfyயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொட்டபின்னும் எதுவுமே வராவிட்டால் நெட் இல்லை.

செண்பகத்தோப்புப் பக்கம் போய், டவர் போனால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். ntfy சர்வர் வழக்கமாக 12 மணி நேரம் சேதியை வைத்திருக்கும். ஊருக்குள் திரும்பியதும் விடுபட்டவை வந்து சேர்ந்தன.

குறைகள் இல்லாமல் இல்லை. 'காத்திருக்கிறேன்' என்கிற மாதிரி ஒரு நோட்டிபிகேஷன் மேலே எந்நேரமும் உட்கார்ந்திருக்கும். நீளமாக அழுத்தி அதை மட்டும் மறைத்துக்கொள்ளலாம். இலவசப் பொதுச் சர்வரில் டாபிக் பெயர்தான் கடவுச்சொல். "rajapalayam" என்று வைத்தால் ஊரே படிக்கும், யாரும் யோசித்துப் பிடிக்க முடியாத பெயர் வேண்டும். பெரிய குறை, ஒத்துழைக்காத ஆப்கள். உணவு டெலிவரி, டாக்ஸி போன்றவை கூகுளை மட்டுமே நம்பி எழுதப்பட்டவை. அவற்றுக்காக மைக்ரோஜி போடலாம்தான். ஆனால் அதுவும் கூகுளின் சர்வரோடுதான் பேசும். முன்வாசலில் அனுப்பியவரைப் பின்வாசலில் கூப்பிட எனக்கு மனமில்லை.

ntfy போட்ட பிறகு பேட்டரியில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன் நாலு ஆப்புக்குத் தனித்தனியாக விலக்கு கொடுத்து ஓட்டிய வாரத்தில் சாயங்காலமே சார்ஜரைத் தேடினேன்.

என் தீர்ப்பு இது: சாட்டும் மெயிலும் போதும் என்பவர் ஓர் அரைமணி நேரம் செலவழித்து இதைச் செய்துகொள்ளலாம். டெலிவரி, டாக்ஸி வேலை பார்ப்பவர் இந்தப் பக்கம் வர வேண்டாம், ஆர்டர் கைநழுவும். மாமாவை மட்டும் அடுத்த தடவை ரயில் கிளம்பியதும் எஸ்எம்எஸ் போடச் சொல்லியிருக்கிறேன்.