384 பேரைக் கேட்டால் போதுமா?

அக்கா மகள் எம்.எஸ்ஸி. நர்ஸிங் படிக்கிறாள். போன வாரம் ஆய்வுத் திட்டத்தின் வரைவை அனுப்பி, "மாமா, கணக்கு மட்டும் சரியான்னு பாருங்க" என்றாள். முண்டியம்பாக்கத்தில் இருக்கும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திண்டிவனம் அரசு மருத்துவமனை, இரண்டிலும் பிரசவ வார்டில் இருக்கும் பெண்களிடம் செவிலியர் கவனிப்பு திருப்தியாக இருந்ததா என்று கேட்க வேண்டும். இடத்துக்கு 30 பேர். முறை கன்வீனியன்ஸ் சாம்பிளிங். அதாவது, இவள் போகிற நேரத்தில் படுக்கையில் இருந்து பேசச் சம்மதிப்பவர்கள்.

60 போதாது, 384 ஆக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அந்த எண் இப்படி வருவது:

```
n = z² × p × (1-p) / d²
  = 1.96² × 0.5 × 0.5 / 0.05²
  = 384.16
```

திருப்தியானவர்கள் எத்தனை சதவீதம் என்று முன்கூட்டித் தெரியாததால் p-யை 0.5 என்று வைக்கிறோம்; அதுதான் அதிக ஆட்களைக் கேட்கும். விடை 5 புள்ளி மேலோ கீழோ இருக்கலாம் என்பது d. 60 பேர் என்றால் அந்த இடைவெளி கிட்டத்தட்ட 13 புள்ளி. ஆக, 60 குறைவு என்பது சரிதான். ஆனால் இந்தச் சூத்திரம், வார்டுக்கு வந்த எல்லாருக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமம் என்று நம்பிக்கொண்டு கணக்குப் போடுகிறது. இவள் முறையில் அது சமமே இல்லை.

ஒரு கற்பனை வார்டை எடுத்துக்கொள்வோம். தினமும் 10 பேர் டிஸ்சார்ஜ் ஆகிறார்கள். அதில் 6 பேர் சுகப்பிரசவம், 3 நாள் தங்குகிறவர்கள். 4 பேர் சிசேரியன், 7 நாள். எந்த நாள் போனாலும் வார்டில் சுகப்பிரசவம் 18 பேர் (6 × 3), சிசேரியன் 28 பேர் (4 × 7) இருப்பார்கள். வீட்டுக்குப் போகிறவர்களில் 40 சதவீதமாக இருக்கும் சிசேரியன் பெண்கள், படுக்கையைக் கணக்கெடுத்தால் 61 சதவீதம். அதிக நாள் தங்குகிறவர் நம் கண்ணில் பட வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான்.

சுகப்பிரசவத்தில் 80 சதவீதமும், நாலடி நடக்கவும் செவிலியரை எதிர்பார்க்கும் சிசேரியன் பெண்களில் 50 சதவீதமும் திருப்தி என்று வைப்போம். வந்துபோனவர்கள் எல்லாரையும் சேர்த்தால் உண்மை 68. படுக்கை படுக்கையாகப் போய்க் கேட்டால் கிடைப்பது சுமார் 62. 384 பேரைக் கேட்டால் அந்தத் தப்பான 62-ஐ இன்னும் உறுதியாகச் சொல்வோம்! ஆள் கூடக் கூட d சுருங்கும், இந்த 6 புள்ளி சுருங்காது.

இதற்கு நேர் எதிராக இழுக்கும் கோளாறும் உண்டு. ராத்திரி ஊசி போடப் போவதும் இதே செவிலியர்தான் என்னும்போது, யூனிஃபார்மில் வந்து நிற்கும் மாணவியிடம் "சரியா கவனிக்கலை" என்று யார் சொல்வார்கள்? இரண்டு கோளாறும் சேர்ந்து எந்தப் பக்கம் சாயும் என்பதை விடைத்தாள்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு எச்கேப்ஸ் (HCAHPS) என்ற கணக்கெடுப்பு இருக்கிறது. அதில் வார்டுக்குள் யாரும் கேட்பதில்லை. டிஸ்சார்ஜ் ஆனவர்கள் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்து, வீட்டுக்குப் போய் 48 மணி நேரத்துக்குப் பிறகு, 6 வாரத்துக்குள் தொடர்பு கொள்கிறார்கள். நமக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். அனுமதி வாங்கி டிஸ்சார்ஜ் ரெஜிஸ்டரைப் பிடித்தால் போதும். 2 மாதத்தில் 600 பேர் என்றால், முதல் மூவரில் ஒருவரைச் சீட்டுப் போட்டு எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு மூன்றாவது பெயரும். 200 பேர், இடைவெளி 7 புள்ளி.

போன் எடுக்காதவருக்குப் பதில் அடுத்த வரிசைப் பெயரைப் போடக் கூடாது. அப்படிச் செய்தால் மறுபடியும் கன்வீனியன்ஸ்தான். வேறு வேறு நேரத்தில் மூன்று தடவை முயற்சி செய்யலாம். அப்படியும் கிடைக்காதவர்களில் சிசேரியன் எத்தனை என்று ரெஜிஸ்டரிலேயே பார்த்து, கிடைத்தவர்களோடு ஒப்பிட்டு எழுதிவிட வேண்டும். நம்பர் பெரும்பாலும் கணவருடையதாக இருக்கும் என்பது தனித் தலைவலி; பதிலை அந்தப் பெண் வாயால் கேட்காவிட்டால் அது அவள் பதில் இல்லை.

இரண்டு ஊர் ஒப்பீட்டைத்தான் நான் எடுத்துவிடச் சொன்னேன். ஓரிடத்தில் 80, இன்னோரிடத்தில் 70 என்று உண்மையிலேயே வித்தியாசம் இருந்தால், அதைப் பத்துக்கு எட்டு தடவையாவது பிடிக்க இடத்துக்குச் சுமார் 290 பேர் வேண்டும். 30-30 வைத்தால் வித்தியாசம் 22 புள்ளியைத் தாண்டினால்தான் எதையும் சொல்ல முடியும். 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று எழுதி முடித்துவிடுவாள். படிப்பவர்கள் இரண்டு ஊரிலும் கவனிப்பு ஒன்றுபோல என்று எடுத்துக்கொள்வார்கள்.

"கைடு ஒப்பீடு கட்டாயம் வேணும்கிறாங்க மாமா" என்றாள். அப்படியானால் 580 போன். யார் பேசுவது என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறோம்.